மூன்று வார வேலை ஸ்லைடில் நான்கு வாரம் ஆவது எப்படி?

காரைக்குடிப் பக்கம் பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலைகளுக்குத் திட்ட அட்டவணை போட்டுக் கொடுப்பது என் தொழில். பெரும்பாலான வீடுகளுக்குப் பங்காளிகள் பலர். ஒருவர் ஊரில் இருப்பார், ஒருவர் சென்னையில், இன்னொருவர் சிங்கப்பூரில். எல்லாரும் ஒரே ஸ்லைடைப் பார்த்துத்தான் பணம் ஒதுக்குகிறார்கள், ஊருக்கு வரும் தேதியையும் முடிவு செய்கிறார்கள். அதனால் அதில் ஒவ்வொரு வேலையும் நடக்கும் காலத்தைக் குறிக்கும் பட்டைகள் சரியான தேதியைக் காட்டியாக வேண்டும்.

சமீபத்தில் ஒரு வீட்டில் ஒப்பந்தக்காரர் கொண்டுவந்த ஸ்லைடைப் பார்த்து அந்த வீட்டு ஆச்சி கேட்டார்: "தம்பி, தளத்துக்கு மூணு வாரம்னு சொன்னீக, இதுல நாலு கட்டம் இருக்கே?" சரியான கேள்வி. பவர்பாயிண்டில் டேபிள் போட்டு, வாரத்துக்கு ஒரு கட்டம் வைத்து, வேலை நடக்கும் கட்டங்களுக்கு நிறம் அடித்திருந்தார்கள். ஆத்தங்குடிக் கல் பதிக்கும் வேலை ஆடி முடிந்து ஆகஸ்ட் 19, புதன்கிழமை தொடங்குகிறது. வாரத்துக்கு 6 வேலை நாள் என்ற கணக்கில் 18 நாள் வேலை, செப்டம்பர் 8 செவ்வாயன்று முடியும். ஆனால் இந்த நாட்கள் நான்கு வாரங்களைத் தொடுகின்றன. ஒரு கட்டத்தில் பாதிக்கு நிறம் அடிக்க முடியாது; அதனால் நான்கும் நிறைந்துவிட்டன. பார்ப்பவருக்கு வேலை திங்களன்றே தொடங்குவதுபோலவும் ஒரு வாரம் கூடுதலாக இழுப்பதுபோலவும் தெரிகிறது.

எல்லா வேலையும் திங்களில் தொடங்கிச் சனியில் முடிந்தால் கட்டத்துக்கு நிறம் அடிப்பதே போதும், மாற்றுவதும் சுலபம். இல்லையென்றால் டேபிளை வெறும் கோட்டுப் பின்னணியாக வைத்து, பட்டைகளைத் தனி ஷேப்பாக மேலே வையுங்கள். அவற்றை மவுஸால் இழுத்து வைக்காதீர்கள். இடத்தைக் கணக்குப் போட்டு எண்ணாகத் தட்டச்சு செய்யுங்கள்.

அந்த வீட்டுக்கான கணக்கையே சொல்கிறேன். அகல ஸ்லைடின் அகலம் 33.87 செ.மீ. டேபிளை இடப்பக்கத்திலிருந்து 0.9 செ.மீ. தள்ளி வைத்தேன். வேலையின் பெயர் எழுதும் பத்தி 8 செ.மீ. அப்புறம் 2026 ஜூன் 1 முதல் 16 வாரங்கள், ஒவ்வொன்றும் 1.5 செ.மீ. 1.5 என்று வைத்ததற்குக் காரணம் உண்டு: ஆறால் வகுத்தால் ஒரு வேலை நாளுக்குச் சரியாக 0.25 செ.மீ. வரும். முதல் வாரம் 8.9-இல் தொடங்குகிறது. எக்செலில் B பத்தியில் எத்தனையாவது வாரம், C-யில் அந்த வாரத்தின் எத்தனையாவது நாள், D-யில் மொத்த வேலை நாட்கள் என்று எழுதினால் போதும்:

```
=8.9+(B2-1)*1.5+(C2-1)*0.25
=D2*0.25
```

முதல் விடை பட்டையின் இடம், இரண்டாவது அகலம். தள வேலை 12-ஆம் வாரம், 3-ஆம் நாள், 18 நாட்கள். விடை 25.9, 4.5. பட்டையின் மேல் வலது கிளிக் செய்து Format Shape போய், Size & Properties பகுதியில் Horizontal position, Width இரண்டிலும் இவற்றைப் போடுங்கள். புதன்கிழமை புதன்கிழமையாகவே தெரியும்.

இந்த முறையில் ஒரு ஆபத்து இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. பவர்பாயிண்டில் டேபிளையும் ஷேப்பையும் சேர்த்து குரூப் செய்ய முடியாது. டேபிளின் ஒரு வரிசை உயர்ந்தால், அதற்குக் கீழே உள்ள பட்டைகள் நகராமல் பழைய இடத்திலேயே நிற்கும். "பட்டாலைச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு, மெருகு" என்று நீளமாக எழுதி அது இரண்டாம் வரிக்கு மடிந்தாலே வரிசை உயர்ந்துவிடும். நீங்கள் பயன்படுத்திய தமிழ் எழுத்துரு அடுத்தவர் கணினியில் இல்லையென்றாலும் இதே கதைதான்: வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்து வரிசைகளைப் பெரிதாக்கும். மேலே ஓரிரு வரிசையில் வித்தியாசம் தெரியாது. கடைசி வரிசைகளில் ஓட்டு வேலைக்கான பட்டை மரவேலைக்கு நேரே போய் நிற்கும்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தலைப்பு வரிசையோடு 10 வரிசை, ஒவ்வொன்றும் 1.2 செ.மீ. என்றால் டேபிளின் உயரம் 12 செ.மீ. டேபிளைக் கிளிக் செய்து, டேபிளுக்கான Layout தாவலில் Table Size என்ற இடத்தில் உள்ள Height-ஐப் பாருங்கள். 12-ஐ விடக் கூடுதலாகக் காட்டினால் ஏதோ ஒரு வரிசை வளர்ந்திருக்கிறது. வரிசையைக் குறுக்க முயன்றும் குறுகவில்லை என்றால் காலிக் கட்டங்களைச் சந்தேகப்படுங்கள். ஒன்றும் எழுதாத கட்டத்துக்கும் எழுத்து அளவு உண்டு, வழக்கமாக 18. டேபிள் முழுவதையும் தேர்வு செய்து அதை 12 ஆக்கினால் வரிசை இறங்கிவிடும்.

ஆத்தங்குடிக் கல்லை முன்கூட்டியே சொல்லிச் செய்ய வேண்டும். கையால் செய்து, தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தித்தான் தருவார்கள். அந்தக் காத்திருப்பு வீட்டில் நடக்கும் வேலை இல்லை என்பதால் பலர் ஸ்லைடில் காட்டுவதே இல்லை. நான் அதற்கு நிறமில்லாமல் வெறும் ஓரக்கோடு மட்டும் உள்ள பட்டை வைக்கிறேன். அது முடியாமல் தளப் பட்டை தொடங்க முடியாது என்று பங்காளிகள் தாங்களே பார்த்துப் புரிந்துகொண்டு, முன்பணத்தை நேரத்துக்கு அனுப்புகிறார்கள்.

வெளியூர்ப் பங்காளிகளுக்கு அனுப்பும்போது பவர்பாயிண்ட் கோப்பை அனுப்பாமல் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். எந்தப் போனில் திறந்தாலும் எழுத்துரு மாறாது, பட்டையும் வைத்த இடத்திலேயே இருக்கும். தேதி மாறினால் முதலில் எக்செலில் மாற்றி, புதிய எண்களை ஸ்லைடில் போட்டு, மறுபடி பிடிஎஃப் எடுத்து, எந்தத் தேதியில் திருத்தியது என்பதை ஸ்லைடின் மூலையில் எழுதி அனுப்புங்கள்.