ஆயில் அளவா, ஆயில் அழுத்தமா? அயல்மொழி மீட்டரைப் படத்தில் படிக்கும்போது

வேற்றுமொழியில் ஒரு எச்சரிக்கை ஒளிரும் மீட்டரின் படத்தை அனுப்பி, “இதற்கு என்ன அர்த்தம், வண்டியை ஓட்டலாமா?” என்று கேட்பவர்கள் ஏராளம். இந்தக் கேள்விக்குத் தவறான பதில் அதிகமாகக் கிடைப்பது ஆயில் எச்சரிக்கையில்தான். ஏனென்றால் ஆயில் சம்பந்தமாக மீட்டரில் வருபவை பெரும்பாலும் இரண்டு செய்திகள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சின்னத்தோடு வரும், சில மொழிகளில் ஒரே சொல்லில் தொடங்கவும் செய்யும். ஆனால் ஒன்றைக் கண்டால் ஆயில் ஊற்றிவிட்டு ஓட்டலாம். மற்றதைக் கண்டால் அந்த நொடியே இன்ஜினை அணைக்க வேண்டும்.

முதலாவது ஆயிலின் அளவு குறைந்துவிட்டது என்பது. ஆயில் கேன் சின்னம் மஞ்சளில் வரும், பல வண்டிகளில் கேனுக்குக் கீழே அலைபோல ஒரு கோடும் இருக்கும். இரண்டாவது ஆயிலின் அழுத்தம் விழுந்துவிட்டது என்பது. அதே கேன், நுனியில் ஒரு சொட்டோடு, சிவப்பில் எரியும். இன்ஜினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட் தன் பேரிங்கைத் தொடாமல் சுழல்வது, அழுத்தத்தோடு வரும் மெல்லிய ஆயில் படலத்தால்தான். அழுத்தம் போனால் படலம் கிழிந்து உலோகத்தோடு உலோகம் உரசும். அந்த நிலையில் இன்ஜின் பாழாக ஓரிரு நிமிட ஓட்டமே போதும். “பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை மெதுவாகப் போய்விடலாம்” என்ற யோசனைக்கே இதில் இடமில்லை.

ஆகவே நிறம்தான் முதல் சான்று. ஆனால் படத்தில் நிறம் ஏமாற்றும். இருட்டில் எடுத்த படத்தில் விளக்கின் ஒளி அளவுக்கு மீறிப் பதிவாகி, சிவப்பும் மஞ்சளும் ஒரே வெளிறிய ஆரஞ்சாகத் தெரியும். போன் திரையில் அந்த விளக்கின் மேல் விரலால் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுத்து மறுபடி எடுத்தால் உண்மை நிறம் வரும். இன்னொன்று, எல்.இ.டி. விளக்குகள் பலவும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகின்றன. விளக்கு அணைந்திருந்த கணத்தைக் கேமரா பிடித்துவிட்டால், எரிந்த விளக்கே படத்தில் இருக்காது. அதனால் ஒற்றைப் படத்தைவிடப் பத்து நொடி வீடியோ நம்பகமானது. மாறி மாறி வரும் செய்திகளும் அதில் விட்டுப்போகாது.

படத்தில் அடுத்துப் பார்க்க வேண்டியது இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள். அது பூஜ்ஜியத்தில் நின்றால் சாவி மட்டும்தான் போடப்பட்டிருக்கிறது, இன்ஜின் ஓடவில்லை. அப்போது ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் சிவப்பாக எரிவது வழக்கமானதே; இன்ஜின் ஓடத் தொடங்கிய சில நொடிகளில் அணைந்தாக வேண்டும். இதைக் கவனிக்காமல் ஆள் பதறுவதும் உண்டு. இன்ஜின் ஓடும்போது எரிந்ததை, அணைத்த பிறகு எடுத்த படத்தை வைத்து “எல்லா விளக்கும்தானே எரிகிறது” என்று ஒதுக்கிவிடுவதும் உண்டு. இரண்டாவதுதான் ஆபத்து.

இனி சொற்கள். முழு வாக்கியமும் புரிய வேண்டியதில்லை. ஜெர்மனில் ஆயிலுக்கு Öl என்று பெயர். அதோடு ஒட்டி வரும் பின்பாதிதான் செய்தி: Ölstand என்றால் ஆயில் அளவு, Öldruck என்றால் ஆயில் அழுத்தம். பிரெஞ்சில் niveau அளவு, pression அழுத்தம். ஸ்பானிஷில் nivel, presión. ஜப்பானிய மீட்டரில் オイル量 அளவைச் சொல்லும், 油圧 அழுத்தத்தைச் சொல்லும். ஆனால் ‘அழுத்தம்’ என்ற பாதியை மட்டும் கண்டு முடிவு கட்டக் கூடாது. Reifendruck, 空気圧 இரண்டும் டயர் காற்றழுத்தம். முன்பாதியையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஓர் உதாரணம். மஞ்சள் கேன், பக்கத்தில் இரண்டு வரி:

```
Öl max. 1 l nachfüllen.
Weiterfahrt möglich
```

nachfüllen என்றால் ஊற்றி நிரப்பு. Weiterfahrt möglich என்றால் தொடர்ந்து ஓட்டலாம். அதிகபட்சம் ஒரு லிட்டர் ஆயில் ஊற்றவும், வண்டி ஓடலாம் என்பதே செய்தி. படத்திலிருந்து எழுத்தைத் தானாக எடுக்கும் செயலி இதுபோன்ற செய்திகளில் மூன்று இடத்தில் தடுமாறும். Öl என்பதை 01 என்று எண்ணாக எடுக்கலாம். ‘1 l’ என்பதில் லிட்டரைக் குறிக்கும் எழுத்தும் ஒன்று என்ற இலக்கம்போலவே இருப்பதால் 11 ஆகிவிடலாம். சில வண்டிகள் 0,5 l என்று காட்டும். ஜெர்மனில் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி வரும். மங்கலான படத்தில் அது மறைந்தால் அரை லிட்டர் ஐந்து லிட்டராகப் படிக்கப்படும். ஆயில் மிஞ்சினாலும் இன்ஜினுக்குக் கேடுதான். சுழலும் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரை அழுத்தத்தைத் தாங்காது, மிஞ்சிய ஆயில் இன்ஜினின் காற்றுப்போக்கியான பிரீதர் வழியாக உறிஞ்சப்பட்டுப் புகையாக வெளிவரும். எனவே செய்தியைக் கையால் தட்டெழுதி மொழிபெயர்ப்பதே சரி. Ö கீபோர்டில் இல்லையென்றால் Oe என்று அடிக்கலாம், ஜெர்மானியரும் அப்படி எழுதுவார்கள்.

இரண்டாம் வரியில் இன்னொரு கண்ணி இருக்கிறது. möglich-க்கு முன்னால் nicht என்ற சிறு சொல் வந்தால் பொருள் தலைகீழ்: ஓட்டக் கூடாது. ஸ்டியரிங் மறைத்தோ, படத்தின் ஓரம் வெட்டுப்பட்டோ அந்த ஒரு சொல் போய்விடலாம். ஜப்பானிய மொழி நம் மொழியைப் போலவே. ‘முடியும், முடியாது’ வாக்கியக் கடைசியில்தான் வரும். 走行できます என்றால் ஓட்டலாம், 走行できません என்றால் ஓட்ட முடியாது. கடைசி இரண்டு மூன்று எழுத்து விழாத படத்தை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. 停車してください என்றிருந்தால் வண்டியை நிறுத்தச் சொல்கிறது, 点検してください என்றிருந்தால் சோதித்துப் பார்க்கச் சொல்கிறது.

மஞ்சள் செய்தி என்று உறுதியானால், சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து ஐந்து பத்து நிமிடம் காத்திருங்கள். ஆயில் அளக்கும் கம்பியான டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடைவெளி பெரும்பாலான கார்களில் ஏறத்தாழ ஒரு லிட்டர். அரை லிட்டர் ஊற்றி, ஆயில் கீழே இறங்க நேரம் கொடுத்து, மீண்டும் அளந்து, தேவைப்பட்டால் மட்டும் மேலும் ஊற்றுங்கள். டிப்ஸ்டிக் இல்லாத வண்டியில் மெனுவில் வரும் அளவைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

சிவப்பானால், ஓரங்கட்டி அணைத்துவிட்டு அளவைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் விளக்கு வந்திருந்தால் பம்ப், அடைபட்ட உறிஞ்சு வடிகட்டி, தேய்ந்த பேரிங், அல்லது வெறும் சென்சார் கோளாறு, எதுவாகவும் இருக்கலாம். எது என்பதைப் படம் சொல்லாது. மெக்கானிக் கேஜ் மாட்டி அழுத்தத்தை நேரடியாக அளந்தால்தான் தெரியும். அதுவரை ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்தோ வேறொரு வண்டியில் ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும். வண்டியில் பதிவான கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் போட்டவர்கள் P0524 என்ற குறியீட்டைக் கண்டால் அது அழுத்தம் மிகக் குறைவு என்பது. P0520 என்றால் அழுத்த சென்சாரின் மின்சுற்றில் கோளாறு. இவற்றுக்கு மொழி தடையில்லை. ஆனால் குறியீடு ஏதும் பதிவாகாமலே சிவப்பு விளக்கு எரியும் வண்டிகளும் உண்டு. ஸ்கேனரில் ஒன்றும் வரவில்லை என்பதற்காக ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள்.

மெக்கானிக்குக்கு அனுப்பும்போது செய்தியை மட்டும் வெட்டி அனுப்பாமல் மீட்டர் முழுவதும் தெரிய அனுப்புங்கள். ஆர்.பி.எம்., வெப்பமானி, மற்ற விளக்குகள் எல்லாம் அவருக்குத் தேவை. எழுதும்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததா, விளக்கு விடாமல் எரிந்ததா, வளைவிலோ பிரேக் பிடிக்கும்போதோ மட்டும் மின்னியதா என்பதைச் சொல்லுங்கள். வளைவில் மட்டும் சிவப்பு மின்னினால் பெரும்பாலும் ஆயில் மிகக் குறைந்து, உறிஞ்சு குழாயை விட்டு ஒரு பக்கம் ஒதுங்குகிறது என்று பொருள். அளந்து பார்க்காமல் அந்த வண்டியை மேற்கொண்டு நகர்த்தக் கூடாது.