ஜிபே படம் பில் ஆகாது: ஐந்து வாரம் அலைந்த ஒரு பயணக் கணக்கு

போன வாரம் ஒரே நாளில் மூன்று பயணக் கணக்குகளைத் திருப்பி அனுப்பினேன். மூன்றிலும் ஒரே குறை: பில் இருக்க வேண்டிய இடத்தில் ஜிபே படம். மூன்றாவதைத் திருப்பியபோது எதிரே நின்ற தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. சென்னை போய்வந்து ஐந்து வாரம் ஆகியும் அவருக்குப் பணம் கைக்கு வரவில்லை. "அண்ணே, நான் பொய்க் கணக்கு எழுதியிருக்கிறேன் என்று நினைக்கிறீர்களா?" என்று கேட்டார். அப்படி நான் ஒரு நொடியும் நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்பதை அவருக்குப் புரிய வைக்க அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காரைக்குடியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்கு எழுதுகிறேன். ஆத்தங்குடி ஓட்டுப் பட்டறைகள், பழைய வீடுகளை விடுதியாக நடத்துபவர்கள், சிறிய மில்கள் என்று பல இடங்களின் கணக்கு என் மேசைக்கு வருகிறது. எல்லா இடத்திலும் பயணச் செலவு கேட்டு வருபவர்கள் சொல்வது ஒன்றுதான். "பணம் போனது உண்மை. ஜிபே காட்டுகிறதே, வேறென்ன வேண்டும்?"

செல்போன் படம் என்ன சொல்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். உங்கள் கணக்கிலிருந்து இன்ன தேதியில், இன்ன நேரத்தில், இன்னார் கணக்குக்கு இவ்வளவு ரூபாய் போனது. அதோடு அதன் வேலை முடிந்தது. அந்த ரூபாய் காருக்கா, கைமாற்றுக்கா, சாப்பாட்டுக்கா, சொந்தக்காரர் வீட்டு மொய்க்கா என்று அதில் இல்லை. இந்தத் தம்பியின் 3,200 ரூபாய் ஒரு பெண்ணின் பெயருக்குப் போயிருந்தது. அவர் ஓட்டுநரின் மனைவி. ஓட்டுநர் காட்டிய கியூஆர் அட்டை அந்த அம்மாவின் கணக்குக்கு உரியது. தம்பிக்கு அது தெரியும். எனக்கு எப்படித் தெரியும்? எனக்குப் பிறகு வரும் தணிக்கையாளருக்கு எப்படித் தெரியும்?

பணம் கொடுத்ததற்குச் சாட்சி ஒன்று, வாங்கிய சேவைக்குச் சாட்சி வேறொன்று. கார்டு தேய்த்ததும் இயந்திரம் துப்பும் சிறு சீட்டும் முதல் வகைதான். பில் என்பது விற்றவர் தன் பெயரில் எழுதித் தருவது. என்ன விற்றேன், யாருக்கு, எந்த நாளில், எவ்வளவுக்கு என்று அவர் சொல்ல வேண்டும். செல்போன் படம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பில்லுக்குப் பின்னால் அதை வைத்தால் தொகையும் தேதியும் பொருந்துகின்றன, கையிலிருந்து கொடுத்தது நீங்கள்தான் என்று உறுதியாகிறது. பில் இல்லாமல் அது தனியாக நிற்காது.

அந்தத் தம்பியின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஓட்டுப் பட்டறையின் விற்பனைப் பிரிவில் இருக்கிறார். மூன்று நாள், இரண்டு இரவு சென்னைப் பயணம். முன்பணம் 10,000 வாங்கிப் போனார். ரயில் போகவர 1,480, விடுதி 6,720, கார் 3,200, ஆட்டோ 460, தினப்படி நாளுக்கு 500 வீதம் 1,500. மொத்தம் 13,360, பாக்கி 3,360 வர வேண்டும் என்று ஒரே தாளில் எழுதி, ரசீதுகளைக் குண்டூசியில் குத்தித் தந்திருந்தார். நோக்கம் என்ற இடத்தில் "அலுவல் நிமித்தம்". அனுமதி என்ற இடத்தில் "மேலாளர் போனில் சொன்னார்".

ரயிலில் சிக்கல் இல்லை. இணையத்தில் எடுத்த டிக்கெட். பிஎன்ஆர் எண், கட்டணம், இருக்கை எல்லாம் அச்சில் இருந்தன. (ஒன்று சொல்லிவிடுகிறேன். பதிவு செய்த அன்றே அச்செடுத்த டிக்கெட்டை அப்படியே இணைக்காதீர்கள். இணையத்தில் எடுத்த டிக்கெட் கடைசிவரை காத்திருப்புப் பட்டியலிலேயே நின்றால், பயணிகள் பட்டியல் தயாரானதும் தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். அந்தத் தாளில் இருக்கும் தொகையைக் கேட்டு, பஸ்ஸில் போன செலவையும் கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் மறதிதான், ஆனால் தாளைப் பார்ப்பவருக்கு அது மறதியாகத் தெரியாது.)

விடுதி பில்லில்தான் மூன்று முடிச்சுகள். 6,720 என்று ஒரே தொகையாக எழுதியிருந்தார். பிரித்துப் பார்த்தால் அறை வாடகை 2,800 வீதம் இரண்டு இரவுக்கு 5,600, அதற்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி 280, அறைக்கு வரவழைத்த சாப்பாடு 540, துணி வெளுப்பு 300. சாப்பாட்டுக்கென்றுதான் தினப்படி 1,500 கேட்டிருக்கிறார். விடுதி பில்லுக்குள் அதே சாப்பாடு மறுபடியும் வருகிறது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை, பில்லின் அடித்தொகையைப் பார்த்து எழுதினார். ஆனால் ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு முறை பணம் கேட்டதாகக் கணக்கு சொல்கிறது. துணி வெளுப்பு அந்தப் பட்டறையின் விதியில் இல்லை. அது அவருடைய சொந்தச் செலவு. ஆக விடுதியில் ஏற்கக்கூடியது 5,880.

அடுத்த முடிச்சு, வாடகை வரம்பு. அவருடைய பதவிக்கு இரவுக்கு 2,500, வரி தனி. 300 வீதம் இரண்டு இரவுக்கு 600, அதன் வரி 30, ஆக 630 ரூபாய் வரம்பை மீறியிருக்கிறது. அன்று பக்கத்தில் வேறு அறை கிடைக்கவில்லை என்று மேலாளரிடம் போனில் சொல்லியிருக்கிறார், அவரும் சரி என்றிருக்கிறார். இருவரும் உண்மையானவர்கள்தான். இருந்தாலும் போனில் சொன்ன "சரி" கோப்பில் இல்லை. போனை வைத்ததும், "இன்று பேசியபடி, இந்தக் காரணத்தால் 2,800 ரூபாய் அறையில் தங்குகிறேன்" என்று ஒரே வரி மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் போதும். அவர் "ஒப்புதல்" என்று பதில் போட்டிருந்தால் அதுவே சான்று.

அனுப்பவில்லை. அதற்குப் பரிகாரமாக இரண்டாவது முறை என்ன கொண்டுவந்தார் தெரியுமா? பயணத்துக்கு முந்தைய தேதி போட்டு மேலாளர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். 630 ரூபாய்க்காக இரண்டு பேர் பொய் ஆவணத்தில் கையெழுத்துப் போட வேண்டுமா? பின்னேற்பு ஒப்புதல் என்று ஒன்று இருக்கிறது. இன்றைய தேதியைப் போட்டு, அன்று நடந்ததைச் சொல்லி, இப்போது ஏற்கிறேன் என்று எழுதினால் நான் மனதார வாங்கிக்கொள்வேன். இப்படிப் பழைய தேதி போட்ட கடிதத்தைப் பார்த்தால், அதுவரை சந்தேகமில்லாத மற்ற தாள்களையும் மறுபடி பார்க்கத் தோன்றும்.

மூன்றாவது முடிச்சு பில் யார் பெயரில் என்பது. தம்பி தன் பெயரில் வாங்கியிருந்தார். பட்டறையின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இருந்தால்தான் அந்த 280 ரூபாய் வரியைப் பட்டறை தன் வரியில் கழித்துக்கொள்ள வழி உண்டு. அறை எடுக்கும்போதே எண்ணைக் கொடுக்க வேண்டும். ஊர் திரும்பிய பிறகு மாற்றித் தரச் சொன்னால் விடுதிக்காரர் எளிதில் இசைய மாட்டார். (தமிழ்நாட்டில் மட்டும் பதிவு செய்த நிறுவனத்துக்கு பெங்களூரு விடுதியின் வரி எப்படியும் கழியாது; விடுதி இருக்கும் மாநிலத்துக்குத்தான் அந்த வரி. ஆனாலும் பில் நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கட்டும்.)

இனி நோக்கம். எங்கள் பக்கத்தில் பழைய பேரேடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பற்று எழுதினால் இன்ன வகைக்கு என்று ஒரு சொல்லாவது கூடவே இருக்கும். "அலுவல் நிமித்தம்" என்பது எந்த வகையும் இல்லை. அலுவல் இல்லாமல் யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லையே! தம்பியிடம் வாயால் கேட்டேன். முதல் நாள் மாலை அடையாறில் ஒரு கட்டடக் கலைஞரிடம் ஆறு மாதிரி ஓடுகளைக் காட்டினார். இரண்டாம் நாள் ஒரகடத்தில் கட்டுமான இடத்துக்குப் போய்த் தரை அளவு எடுத்தார். மூன்றாம் நாள் காலை அளவுகளை ஒப்பிட்டு விலைப்புள்ளி கொடுத்தார். சொல்லி முடித்ததும் 3,200 ரூபாய் கார் தானாக விளங்கியது: ஓடு மாதிரிகளோடு ஒரகடம் போய்க் காத்திருந்து திரும்பினால் நாள் முழுக்கக் கார் தேவைதான். நோக்கத்தை எழுதாததால்தான் அந்தத் தொகை அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது.

புதிய தாளில் வரிக்கு வரி எழுத வைத்தேன். தேதி, எங்கிருந்து எங்கே, என்ன வேலை, ரசீது எண், தொகை, அனுமதி. இரண்டாம் நாள் வரி இப்படி வந்தது: "சென்னை விடுதி – ஒரகடம் – விடுதி, தரை அளவு எடுக்க, ரசீது 4, ரூ. 3,200, பயண அனுமதி எண் 41." அந்த அனுமதி எண் முதல் தாளில் விட்டுப்போயிருந்தது. ரசீது 4 என்று தாளில் எழுதினால் ரசீதின் மேல் மூலையிலும் 4 என்று எழுத வேண்டும். சிறிய ரசீதுகளை வெள்ளைத் தாளில் ஒட்டுங்கள். பளபளப்பான வெப்பத்தாள் ரசீது சில மாதங்களில் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள்.

கார் உரிமையாளரைத் தொலைபேசியில் பிடித்தோம். வண்டி எண், புறப்பட்ட கிலோமீட்டர், முடிந்த கிலோமீட்டர், நேரம் எல்லாம் போட்ட டிரிப் ஷீட்டையும் பில்லையும் அனுப்பினார். பணம் ஓட்டுநர் வழியாக வந்து சேர்ந்தது என்று ஒரு வரியும் எழுதித் தந்தார். ஆட்டோவுக்குப் பெரும்பாலும் பில் கிடைப்பதில்லை; அதற்கு ஒவ்வொரு சவாரியையும் தேதியோடு எழுதி, தானே கையெழுத்திட்ட வவுச்சர் போதும். அந்த வசதி 460 ரூபாய் ஆட்டோவுக்குத்தான், 3,200 ரூபாய் காருக்கு இல்லை.

சாப்பாடு, வெளுப்பு 840 போக 12,520. முன்பணம் 10,000 கழித்தால் 2,520. மேலாளரின் பின்னேற்பு மின்னஞ்சல் மறுநாள் வந்தது, அதற்கடுத்த நாள் பணம் வங்கியில் ஏறியது. அதைவிட முக்கியம், ஐந்து வாரமாக அவர் பெயரில் பற்றாக நின்ற 10,000 நேரானது. அது நின்றதால்தான் இடையில் போன மதுரைப் பயணத்துக்கு அவருக்கு முன்பணம் கிடைக்கவில்லை. வீட்டில் கைமாற்று வாங்கிப் போயிருக்கிறார். இதை அவர் கடைசியில்தான் சொன்னார்.

நாளை அதிகாலை பல்லவனில் கிளம்புகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அனுமதி எண்ணைச் செல்போனில் குறித்துக்கொண்டு ஏறுங்கள். விடுதியில் சாவியைக் கொடுக்கும் முன், அறைக்கு ஒரு பில், சாப்பாட்டுக்கு ஒரு பில் என்று நிறுவனத்தின் பெயரில் தனித்தனியாகக் கேளுங்கள். காரிலிருந்து இறங்கும் முன் டிரிப் ஷீட்டைக் கையில் வாங்குங்கள், அதன் பிறகு ஜிபே செய்யுங்கள்.