ஜேர்மன் எழுத்துகளை ஆங்கிலப் பெயர்களால் அழைக்க வேண்டாம்

உயர்கல்விக்காக ஜேர்மனி செல்லவிருக்கும் மாணவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் அடிப்படை ஜேர்மன் மொழி கற்பித்து வருகிறேன். புறப்படுவதற்கு ஓராண்டு முன்பே வகுப்பில் சேர்கின்ற மாணவர்களும், ஆங்கில எழுத்துகள் தெரியும் என்ற நம்பிக்கையில் எழுத்துப் பாடத்தைத் தவிர்த்து நேரே இலக்கணத்துக்குச் செல்லவே விரும்புகிறார்கள். வடிவம் ஒன்றாக இருப்பினும், ஜேர்மன் எழுத்துகளின் பெயர்கள் வேறு என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

'ஏ' என்று சொன்னால் ஆங்கிலத்தில் A, ஜேர்மனில் E. 'ஈ' என்று சொன்னால் ஆங்கிலத்தில் E, ஜேர்மனில் I. JEEVITHA என்ற பெயரை ஒருவர் தொலைபேசியில் ஆங்கில முறைப்படி எழுத்துக்கூட்டிச் சொன்னால், மறுமுனையில் இருப்பவர் இரண்டு E-க்குப் பதிலாக இரண்டு I-யும், இறுதி A-க்குப் பதிலாக E-யும் எழுதிக்கொள்வார். J அங்கே 'யொட்', V 'ஃபவ்', W 'வே'. வதிவிடப் பதிவு, வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்புறுதி ஆகிய எல்லாவற்றிலும் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்பதால் இது சிறிய பிழையன்று. ஜேர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கோதே நிறுவனத்தின் தொடக்கநிலைத் தேர்வான A1-இன் பேச்சுப் பகுதியிலும் பெயரை எழுத்துக்கூட்டவும் ஓர் எண்ணைச் சொல்லவும் கேட்பார்கள்.

புதிதாகக் கற்கவேண்டியவை ä, ö, ü, ß ஆகிய நான்கே. ü-வை ஒலிக்க, 'ஊ' சொல்வதற்கு உதட்டைக் குவித்து, அந்த உதட்டை அசைக்காமல் 'ஈ' சொல்ல வேண்டும்; ö-வுக்கு 'ஓ'-வின் உதட்டோடு 'ஏ'. நமக்கு ஈ, ஏ, ஊ, ஓ நான்கும் நெடிலாகப் பழகியிருப்பதால் இந்தப் பயிற்சி தமிழருக்கு விரைவில் கைகூடுகிறது. மேலுள்ள புள்ளிகளை அலங்காரமாகக் கருதி விட்டுவிட்டால் வேறு சொல்லாகிவிடும். விசைப்பலகையில் இவ்வெழுத்துகள் இல்லாதபோது ae, oe, ue, ss என எழுதுவது ஏற்புடையது. ß-ஐ B என்று எழுதுவதோ வாசிப்பதோ ஒருபோதும் சரியாகாது.

கையெழுத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே 1-ஐ இடப்பக்கம் நீண்ட சாய்கோட்டுடன் எழுதுவதால் அது நமது 7 போலத் தோன்றும். ஆகவே 7-இன் நடுவே குறுக்குக் கோடு இடுவார்கள். படிவத்தில் குறுக்குக் கோடின்றி 7 எழுதினால் அதை 1 என்று வாசிக்கக்கூடும்.

முதல் மாதத்தை எழுத்துக்கும் எண்ணுக்கும் ஒதுக்கி, ஆண்டின் நடுப்பகுதியில் A1, இறுதியில் அடுத்த நிலையான A2 என்று திட்டமிடுவதே என் பரிந்துரை. எழுத்துப் பயிற்சியை முதல் மாதத்தோடு நிறுத்திவிடக் கூடாது, ஏனெனில் பதற்றத்தில் நாக்கு ஆங்கிலத்துக்கே திரும்பும். மாதம் ஒருமுறை உங்கள் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஜேர்மனில் எழுத்துக்கூட்டி ஒலிப்பதிவு செய்து, உங்களை அறியாத வேறொரு வகுப்பு மாணவரிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதியதைக் கடவுச்சீட்டோடு ஒப்பிட்டால், எந்த எழுத்து இன்னும் ஆங்கிலமாகவே இருக்கிறது என்பது தெரியவரும்.