'கோன்' என்றால் போனது யார்? கிரிக்கெட் வர்ணனையை நேரடியாகத் தமிழாக்குவோர் கவனிக்க வேண்டியவை

ஆங்கில வர்ணனையாளர் 'கோன்!' என்று கத்துகிறார். துடுப்பாட்ட வீரர் ஆட்டமிழந்து போனாரா, பந்து எல்லைக்கோட்டுக்கு வெளியே போனதா? 'ஹீஸ் கோன்' என்றால் ஆள் போனார், 'இட்ஸ் கோன்' என்றால் பந்து போனது. ஆனால் அரங்கத்து ஆரவாரத்தில் முதல் எழுத்துகள் அமுங்கி, காதுக்கு எட்டுவது 'கோன்' மட்டுமாகவே இருக்கும். அந்த அரை விநாடியில் உரைபெயர்ப்பாளர் ஊகித்துச் சொன்னால், திருக்கடலூர்க் கரையில் வலை பொத்திக்கொண்டு வானொலி கேட்பவருக்கு ஒரு விக்கெட் ஒரு சிக்ஸராகிவிடும். அவரிடம் படம் இல்லை. பிழையைத் தானாகக் கண்டுபிடிக்க வழியும் இல்லை.

இந்த வேலையில் வேகம்தான் சிக்கல் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் அப்படியில்லை. ஐம்பது ஓவர் இன்னிங்ஸ் ஒன்றுக்கு மூன்றரை மணி நேரம் என்று வைத்தால், ஒரு பந்துக்குச் சராசரியாக 42 விநாடி கிடைக்கிறது. மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து கையை விட்டுத் துடுப்பை அடைய ஏறக்குறைய அரை விநாடி போதும். பந்து அடிபட்டு முடிவு தெரிய இன்னும் ஐந்தாறு விநாடி. மீதி நேரமெல்லாம் கதை, கிண்டல், பழைய போட்டிகளின் நினைவு. ஆகவே முழு நேரமும் ஒரே வேகத்தில் ஓடத் தேவையில்லை. பந்து உயிரோடு இருக்கும் அந்த ஐந்தாறு விநாடியில் முடிவைத் தவிர வேறெதையும் மொழிபெயர்க்கக் கூடாது. அலங்காரச் சொற்களை அப்போதே தமிழாக்க முயல்பவர்தான் முடிவைத் தவறவிடுகிறார்.

ஒரு பந்தை எடுத்துப் பார்ப்போம். வர்ணனை இப்படி வருகிறது: 'அப் இன் தி எயார்... டீப் மிட் விக்கெட் அண்டர் இட்... ஓ, புட் ஹிம் டவுன்! அண்ட் இட்ஸ் கோன் ஓவர் த ரோப்!' மேலே எழும்பிய பந்துக்குக் கீழே களத்தடுப்பாளர் நிற்கிறார், பிடியைத் தவறவிடுகிறார், பந்து அவர் கையில் பட்டுத் தரையைத் தொடாமலே கயிற்றைத் தாண்டுகிறது. எனவே ஆறு ஓட்டங்கள். 'டு த ரோப்' என்று சொல்லியிருந்தால் தரையில் உருண்டு போனது, நான்கு. ஒரு சிறு சொல்லில் இரண்டு ஓட்டங்கள் தொங்குகின்றன.

இங்கே தமிழின் வாக்கிய அமைப்பு நமக்குக் கைகொடுக்கிறது. தமிழில் முற்று வினை கடைசியில்தான் வரும். 'உயர்த்தி அடித்து, பந்து மேலே எழும்பி, டீப் மிட் விக்கெட் வீரர் அதன் கீழே வந்து, இரு கைகளையும் ஏந்தி...' என்று வினையெச்சங்களாகவே நீட்டிக்கொண்டு போகலாம். முடிவு தெரிந்த கணத்தில் 'நழுவவிட்டார்! பந்து கயிற்றுக்கு மேலால் வெளியே. ஆறு ஓட்டங்கள், ஆட்டமிழக்கவில்லை' என்று கட்டி முடிக்கலாம். கேட்பவருக்கும் அந்தத் தொங்கல் பிடிக்கும். 'பிடி' என்ற சொல்லை மட்டும் முன்னால் போடாதீர்கள். 'பிடி... தவறியது' என்றால், முதற் சொல்லிலேயே முச்சக்கர வண்டித் தரிப்பிடத்தில் பாதிப் பேர் கைதட்டிவிடுவார்கள்.

தமிழால் வரும் கேடும் ஒன்று உண்டு. நாம் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவோம். 'தவறவிட்டார்' என்றால் துடுப்பாட்ட வீரர் பந்தைத் தவறவிட்டாரா, களத்தடுப்பாளர் பிடியைத் தவறவிட்டாரா? ஆங்கிலத்திலும் 'ஹீஸ் கொட் ஹிம்' என்பதில் இரண்டு 'அவர்'கள் இருக்கிறார்கள்: முதலாமவர் பந்துவீச்சாளர், மற்றவர் ஆட்டமிழந்தவர். வானொலித் தமிழில் 'அவர்' என்ற சொல்லையே பந்து உயிரோடிருக்கும்போது தவிர்த்துவிடலாம். பெயரைச் சொல்லுங்கள், பெயர் உடனே வராவிட்டால் 'பந்துவீச்சாளர்', 'விக்கெட் காப்பாளர்' என்று பொறுப்பையாவது சொல்லுங்கள்.

தெருவில் எல்லோரும் 'அவுட்' என்றுதான் சொல்கிறோம். 'ஆட்டமிழந்தார்' நல்ல சொல், ஆனால் நீளம். 'அவுட்!' என்று முதலில் போட்டு, மூச்சு வாங்கி, யார், எப்படி, எத்தனை ஓட்டங்களுடன் ஆட்டமிழந்தார் என்று முழு வாக்கியமாகச் சொல்வதே என் பார்வையில் சரி. தூய தமிழ் விரும்பிகள் மன்னிக்கட்டும்.

மரபுத்தொடர்களைச் சொல்லுக்குச் சொல் கொண்டுவர வேண்டாம். 'த்ரூ த கேட்' என்பதற்கு வாசல் கதவெல்லாம் தேவையில்லை: துடுப்புக்கும் காலுக்கும் இடையால் பந்து நுழைந்துவிட்டது. 'சொப்ட் ஒன்' என்றால் துடுப்பில் பட்ட பந்து திரும்பி விக்கெட்டிலேயே மோதியது. 'பீட்டன்' என்பது கேட்கத் தோல்வி போல இருந்தாலும் பந்து துடுப்பில் படாமல் போனது மட்டுமே, ஆட்டம் தொடர்கிறது. 'பிளம்ப்' என்பது இன்னும் ஆபத்தானது. எல்.பி.டபிள்யூ என்பதில் வர்ணனையாளருக்குச் சந்தேகமில்லை என்று பொருள், நடுவருக்கும் இல்லை என்றல்ல. நடுவரின் விரல் உயர்ந்த பிறகும் வீரர் மீளாய்வு கேட்க 15 விநாடி உண்டு. விட்டுப்போன விளக்கத்தைச் சொல்லி முடிக்க அந்த இடைவெளி நல்ல இடம்.

எண்களுக்குக் காகிதம் வேண்டும். 'ட்வெல்வ் ஒவ் எய்ட்' என்ற வரிசை தமிழில் புரண்டு '8 பந்துகளில் 12 ஓட்டங்கள்' என்றாகிறது. களைப்பில் இரண்டு எண்களும் இடம் மாறிவிடும். இடப்பக்கம் பந்து, வலப்பக்கம் ஓட்டம் என்று தமிழ் வரிசையிலேயே எழுதிவைத்து, பார்த்துச் சொல்லுங்கள். அவுஸ்திரேலியர்கள் விக்கெட்டை முன்னால் சொல்வார்கள்: அவர்கள் வாயில் 'த்ரீ ஃபோர் ஒன் ட்வென்ட்டி' என்பது 3 விக்கெட் இழப்புக்கு 120. அதே வரிசை பந்துவீச்சாளரின் கணக்கிலும் வரும் என்பதால், பேசுவது அணியைப் பற்றியா ஆளைப் பற்றியா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்கோரை ஒவ்வொரு ஓவர் முடிவிலும் விக்கெட் விழுந்த உடனும் சொல்லுங்கள். கிண்ணியா பஸ்ஸில் இடையில் ஏறியவர் அதற்காகத்தான் காத்திருப்பார்.

இருவராக வேலை செய்வதே முறை. ஐந்து ஓவருக்கு ஒருமுறை, அதாவது இருபது நிமிடமளவில், ஓவர் முடிவில் மாறிக்கொள்ளுங்கள். ஓய்வில் இருப்பவர் காகிதத்தைப் பார்த்துக்கொள்வார். கைத்தொலைபேசியில் ஓடும் இணையப் படம் பல விநாடி பிந்தியே வரும் என்பதால், காதில் விழும் ஒலியோடு சேர்ந்து வரும் திரையைத் தவிர வேறெதையும் பார்க்காதீர்கள். பிழை சொல்லிவிட்டால் மெதுவாக நழுவக் கூடாது: 'திருத்தம். பிடி தவறியது, ஆட்டமிழக்கவில்லை' என்று அதே பந்துக்குள் சொல்லிவிட வேண்டும்.

காகிதத்தில் தவறாமல் குறிக்க வேண்டிய இன்னொன்று ஃப்ரீ ஹிட். நோ போலுக்கு அடுத்த அந்தப் பந்தில் விக்கெட் சிதறி வர்ணனையாளர் 'போல்ட் ஹிம்!' என்று பழக்கதோஷத்தில் கத்தினாலும் அது ஆட்டமிழப்பு அல்ல. ரன் அவுட் போன்ற சில வழிகளில் மட்டுமே அதில் ஆட்டமிழக்கலாம். காகிதத்தின் மூலையில் ஒரு வட்டம் போட்டிருந்தால், 'விக்கெட் சிதறியது, ஆனால் ஃப்ரீ ஹிட், ஆட்டம் தொடர்கிறது' என்று வர்ணனையாளர் தன்னைத் திருத்திக்கொள்வதற்கு முன்பே சொல்லிவிடலாம்.