நடுராத்திரியில் முதல் போன் ஓனருக்கா?

பிளம்பர் வேலை பார்க்கிற எனக்குப் போன வாரம் இரவு 11.45 மணிக்கு ஒரு போன். "அண்ணா, பாத்ரூம்ல தண்ணி பீச்சி அடிக்குது, ஹால் வரைக்கும் வந்துடுச்சு." வால்வை மூடினீர்களா என்று கேட்டேன். "இல்லைண்ணா, ஓனருக்கு அரை மணி நேரமா போன் போட்டுட்டு இருக்கோம், எடுக்கவே மாட்டேங்கறார்."

கீசருக்குப் போகிற கனெக்‌ஷன் பைப், நட்டை ஒட்டிப் பிய்ந்திருந்தது. அதற்கு நேர் கீழே சுவரில் ஆங்கிள் வால்வு. வலப்பக்கமாகத் திருகுங்கள் என்று போனிலேயே சொன்னேன், பத்து விநாடியில் தண்ணீர் நின்றுவிட்டது. கீசர் சுவிட்ச் வெளியே காய்ந்த இடத்தில் இருந்ததால் அதையும் அணைக்கச் சொன்னேன். ஆனால் நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று குறைத்துப் போட்டாலும் அரை மணி நேரத்தில் 300 லிட்டர் கொட்டியிருக்கும். கீழ்வீட்டில் விளக்கு மாட்டியிருக்கிற ஓட்டை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. இந்த மாதத்தில் இப்படி வந்த மூன்றாவது போன் இது.

மூன்று வீட்டிலும் சொன்ன காரணம் ஒன்றுதான். "வாடகை வீடு, ஓனரைக் கேக்காம கை வைக்கக் கூடாதுல்ல?" ஐயா, அம்மா, வால்வை மூடுவது ரிப்பேர் இல்லை. ஸ்விட்சை அணைப்பதும் ரிப்பேர் இல்லை. சமையல் முடிந்ததும் அடுப்பை அணைக்க யாரிடமும் கேட்பதில்லையே, அதைப் போலத்தான் இதுவும். பைப்பை மாற்றுவது, சுவரை உடைப்பது, புது மோட்டார் வாங்குவது, இதற்கெல்லாம் ஓனர் சரி என்று சொல்ல வேண்டும். தண்ணீரை நிறுத்த யாரும் அனுமதி தர வேண்டியதில்லை. நிறுத்தாமல் காத்திருந்தீர்கள் என்றால்தான் பின்னால் "ஏன் சும்மா இருந்தீங்க?" என்ற கேள்வி வரும். அந்தச் சண்டையில் நடுவில் நின்று சாட்சி சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

நிறுத்திய பிறகு ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள்: காலைக்குள் இது இன்னும் மோசமாகுமா? வால்வை மூடியதும் நின்றுவிட்டது, வேறு குழாயில் தண்ணீர் வருகிறது என்றால் அவசரம் அங்கேயே முடிந்தது. காலையில் கூப்பிடுங்கள், இரவுக் கூலி மிச்சம். விநாடிக்கு ஒரு சொட்டு என்று ஒழுகினால்கூட இரவு முழுக்க ஒரு வாளி நிறையாது. வாளியை வைத்துவிட்டுத் தூங்கலாம். மூடியும் நிற்கவில்லை, தண்ணீர் சுவிட்ச் போர்டை நோக்கி வருகிறது, வீட்டில் இருக்கிற ஒரே கழிவறையில் கழிவுநீர் மேலே ஏறுகிறது என்றால் உடனே கூப்பிடுங்கள்.

அப்போதும் முதல் போன் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்கு, அப்படி ஒருவர் இல்லையென்றால் பிளம்பருக்கோ எலக்ட்ரீஷியனுக்கோ. அவர் வருவதற்குள் ஓனருக்குப் போட்டோவோடு ஒரு மெசேஜ் போடுங்கள். எத்தனை மணிக்கு என்ன ஆனது, எதை மூடினீர்கள், யாரைக் கூப்பிட்டிருக்கிறீர்கள், கூலி எவ்வளவு கேட்கிறார் என்று நாலு வரி போதும். மாற்றிய பழைய பைப்பைத் தூக்கிப் போடாதீர்கள். ஓனர் பணம் கொடுக்கும்போது அதைத்தான் காட்டச் சொல்வார்.

இரண்டு விஷயத்தில் மட்டும் இந்த வரிசை மாறும். கேஸ் வாசனை என்றால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கைக்கு எட்டினால் கேஸ் வால்வை மூடிவிட்டு எல்லோரும் வெளியே போங்கள், வெளியே போனபிறகே அவசர எண்ணுக்குப் போன். தீப்பொறியோ கருகல் நாற்றமோ வந்தால் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். ஆனால் தண்ணீரில் நின்றுகொண்டு தொடவே கூடாது. அங்கே போகக் காய்ந்த வழி இல்லையென்றால் அதை விட்டுவிட்டு வெளியே வந்து போன் பண்ணுங்கள். திரும்பத் திரும்ப விழுகிற ட்ரிப் சுவிட்சைத் தூக்கி டேப் ஒட்டி வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம், அது விழுவதே உங்களைக் காப்பாற்றத்தான்.

இன்னொன்று, மெயின் வால்வு எங்கே என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் முழிக்கிறார்கள். குடிவரும் அன்றே ஓனரை நிற்க வைத்துக் கேளுங்கள். கைப்பிடி வைத்த பால் வால்வு என்றால் கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது என்று அர்த்தம். சக்கரம் மாதிரி இருக்கிற கேட் வால்வு வருஷக்கணக்கில் திருகாமல் இருந்தால் இறுகிப்போகும், முழுசாக மூடவும் மூடாது. அதனால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள். கையால் திருகி அசையவில்லையென்றால் ரெஞ்சு போட்டு நெம்பாதீர்கள், தண்டு முறிந்துவிடும். இறுகியிருக்கிறது என்று பகலிலேயே ஓனரிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.

அந்த வீட்டுப் பெண் மறுநாள் வால்வுக்குப் பக்கத்தில் சிவப்பு நூல் கட்டி, கதவுக்குப் பின்னால் என் நம்பரையும் எலக்ட்ரீஷியன் நம்பரையும் எழுதி ஒட்டிவிட்டார். ஓனர் நம்பர் மூன்றாவதாக இருந்தது.