'பார்த்துச் சொல்கிறேன்' என்று வாடகை வீட்டுக்கு வந்தவரை அனுப்பாதீர்கள்

கோவையில் வாடகை ஒப்பந்தங்கள் எழுதிக் கொடுப்பது என் வக்கீல் தொழிலில் சிறிய பகுதிதான். ஆனால் ஆனி மாதக் கடைசியில் அதற்கே நேரம் சரியாக இருக்கும். ஆடி பிறந்தால் நம் பக்கத்தில் பால் காய்ச்ச மாட்டார்கள் என்பதால், வீடு தேடுகிறவர்கள் எல்லோரும் அந்தப் பத்துப் பதினைந்து நாட்களில்தான் அலைவார்கள். ஒப்பந்தம் எழுத வருகிறவர்களைத் தவிர, ஒப்பந்தம் வரை போகாமலே சிக்கலில் மாட்டிக்கொண்டு வரும் வீட்டுக்காரர்களும் உண்டு. அப்படி வந்த ஓர் அம்மாவின் கதையை, ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன்.

கணபதிப் பக்கம் அவருக்கு ஒரு வீடு. கீழே அவர் இருக்கிறார், மாடியில் இரண்டு படுக்கையறைகள், வாடகை 13,000 ரூபாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர் மனைவி, குழந்தை, தாயாருடன் வந்து பார்த்தார். சிறுவாணித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும், உப்புத் தண்ணீருக்குத் தனித் தொட்டி உண்டா என்றெல்லாம் கேட்டுவிட்டு, பிடித்துப்போய் அங்கேயே கைப்பேசியில் 5,000 ரூபாய் டோக்கன் அட்வான்ஸ் அனுப்பிவிட்டார். அம்மாவும் வாங்கிக்கொண்டார். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, வந்தவர்கள் 'யார்' என்று விசாரித்துச் சொன்னார். அம்மாவின் மனம் மாறிவிட்டது.

நேராகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. முதல் இரண்டு நாள் "பார்த்துச் சொல்கிறேன்" என்றார். நம் ஊரில் இதற்கு 'இல்லை' என்று பொருள். மரியாதைக்காக அப்படிச் சொல்கிறோம். ஆனால் டோக்கன் கொடுத்தவர் காதில் அது 'கொஞ்சம் பொறுங்கள்' என்றுதான் விழும். அவர் அதற்குள் பழைய வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டார். சாமான் ஏற்ற வண்டிக்கும் பேசிவிட்டார்.

மூன்றாம் நாள் அம்மா ஒரு காரணம் கண்டுபிடித்தார்: பெங்களூரில் இருக்கும் மகன் திரும்பி வருகிறான், மாடி அவனுக்கு வேண்டும். மகன் வருவதாகவே இல்லை. வாசலில் 'வீடு வாடகைக்கு' அட்டையும் அப்படியே தொங்கியது. வந்தவர் கெட்டிக்காரர். கூட வேலை செய்யும் ஒருவரைக் கூப்பிட்டு விசாரிக்கச் சொன்னார். "வீடு காலியாகத்தான் இருக்கிறது, நாளைக்கு வந்து பாருங்கள்" என்று அம்மா பதில் சொன்னார். அழைப்பு பதிவாகிக்கொண்டிருந்தது.

பிறகு அவர் நேரில் வந்து கேட்டபோது, நான்கு பேருக்குத் தண்ணீர் போதாது என்றார் அம்மா. "தாயாரைக் கோபியில் தம்பி வீட்டில் விட்டுவிடுகிறேன்" என்றார் அவர். சுத்த சைவக் குடும்பத்துக்குத்தான் கொடுப்பது என்றார். "வீட்டில் அசைவம் சமைக்க மாட்டோம், எழுதித் தருகிறேன்" என்றார். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். காரணம் என்று ஒன்றைச் சொன்னால், அதைச் சரிசெய்துவிட்டால் வீடு கிடைக்கும் என்றுதான் வீடு தேவைப்படுகிறவர் எடுத்துக்கொள்வார். அவர் வம்பு செய்யவில்லை. பேரம் பேசினார், அவ்வளவுதான். ஒவ்வொரு காரணமாகக் கைவிட்டுப் போனபின், சொல்லக் கூடாதது கடைசியில் வெளியே வந்தது. வெளிக் கதவருகே நின்றுகொண்டு, எதிர் வீட்டுக்காரர்களும் கீரை விற்க வந்தவரும் கேட்டுக்கொண்டிருக்க, அவருடைய சாதியைக் குறித்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை என் அலுவலகத்தில் அவர் கையில் இருந்த தண்ணீர் டம்ளர் நடுங்கியது. நடுங்கத்தான் வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் 1989-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்தச் சமூகங்களைச் சேர்ந்த ஒருவரைப் பொதுமக்கள் பார்வையில் இழிவுபடுத்தும் எண்ணத்துடன் அவமதிப்பதும், சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதும் குற்றம். வழக்கு பதிவானால் முன்ஜாமீன் பொதுவாகக் கிடைக்காது; முகாந்திரமே இல்லை என்று நீதிமன்றம் கண்டால்தான் விதிவிலக்கு. சொந்த வீட்டு வாசல்தானே என்று கேட்டார் அம்மா. வாசல் அவருடையதுதான். ஆனால் தெருவில் நிற்பவர்கள் பார்க்கவும் கேட்கவும் முடிகிற இடம் என்றால் யார் பெயரில் பட்டா இருக்கிறது என்பது பார்க்கப்படாது. அந்த மனிதர் புகார் கொடுக்கவில்லை. 5,000 ரூபாயை வாங்கிக்கொண்டு வேறு வீடு போய்விட்டார். அது அவருடைய பெருந்தன்மை. என் வாதத் திறமை அதில் எதுவும் இல்லை.

இனி சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உறவுக்கான தமிழ்நாட்டுச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றெல்லாம் சொல்லும் அந்தச் சட்டம், வந்தவரை ஏன் மறுத்தீர்கள் என்று காரணம் எழுதித் தரச் சொல்லவில்லை. ஆகவே காரணம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்தாகிவிட்டால் கதை வேறு. பிறகு காலி செய்யவைக்கச் சட்டம் சொல்லும் காரணங்களோடு வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். மறுப்பதென்றால் அதற்கு முன்பே மறுத்துவிட வேண்டும்.

காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதற்காக எந்தக் காரணமும் சரி என்று ஆகிவிடாது. திருநர் உரிமைகளுக்கான 2019-ஆம் ஆண்டுச் சட்டமும், எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்கான 2017-ஆம் ஆண்டுச் சட்டமும், அந்த நிலையைக் காரணமாக்கி வீடு வாடகைக்குத் தர மறுப்பதைப் பெயர் சொல்லியே தடை செய்கின்றன. அங்கே வாயை மூடிக்கொண்டு மறுத்தாலும் மறுத்தது மறுத்ததுதான். சாதியையும் மதத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு நாசூக்காக மறுக்க வழி கேட்டு வருகிறவர்களுக்கு நான் யோசனை சொல்வதில்லை. கட்டணம் வாங்காமல் அனுப்பிவிடுவேன். கீழே சொல்லும் முறை, நியாயமான காரணம் இருந்தும் அதைச் சொல்லப்போய்ச் சண்டையில் முடிகிறதே என்று வருந்துகிறவர்களுக்கு.

அட்டை தொங்கவிடுவதற்கு முன்பே ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள்: எத்தனை பேர் தங்கலாம், வாடகை எவ்வளவு, எத்தனை வண்டி நிறுத்த இடம் உண்டு, எந்தத் தேதியில் குடிவர வேண்டும், வருமானத்துக்கு என்ன சான்று காட்ட வேண்டும். வருகிற எல்லோரிடமும் இதையே, வீட்டைக் காட்டும் முன்பு சொல்லுங்கள். பாதிப் பேர் தாங்களாகவே விலகிக்கொள்வார்கள். மறுக்கும் வேலையே மிச்சம். யார் எந்த நாள் வந்தார்கள், எதில் பொருந்தவில்லை என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது அனுப்புவதற்கு அல்ல. பின்னால் யாராவது கேள்வி எழுப்பினால், எல்லோருக்கும் ஒரே அளவுகோலை வைத்தீர்கள் என்று காட்டுவதற்கு. முடிவு எடுக்கும் முன் டோக்கன் வாங்கவே வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் வீடு பேசி முடிந்துவிட்டது என்று அவர் வாதிட இடம் கொடுத்தவர் ஆவீர்கள்.

மறுக்கும் செய்தியை இரண்டு நாளுக்குள் அனுப்பிவிட வேண்டும். ஆனிக் கடைசியில் ஒருவரை ஒரு வாரம் காத்திருக்க வைத்தால் ஆவணி வரை அவர் குடும்பத்தைத் தவிக்கவிடுகிறீர்கள். பேசுவதைவிட எழுதுவது நல்லது. பேசினால் வாய் நீளும். அந்த அம்மாவுக்கு நான் எழுதிக் கொடுத்தது இது:

"வணக்கம். வீட்டைப் பார்க்க வந்தமைக்கு நன்றி. இந்த வீட்டை உங்களுக்குக் கொடுக்க இயலவில்லை. வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நல்ல வீடு அமையட்டும்."

இதில் 'இப்போதைக்கு' என்ற சொல்லைச் சேர்க்கலாமா என்று கேட்டார். சேர்த்தால் அடுத்த மாதம் மறுபடி அழைப்பார். 'வீட்டில் பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்கள்' என்று சேர்த்தால் அந்தப் பெரியவர்களைப் பார்த்துப் பேச வருவார். 'உங்களைப் போன்ற குடும்பத்துக்கு' என்று தொடங்கும் எதுவும் கூடவே கூடாது. நல்ல எண்ணத்தில் எழுதினாலும் 'உங்களைப் போன்ற' என்பது எதைக் குறிக்கிறது என்று படிக்கிறவர்தான் முடிவு செய்வார். வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது உண்மையானால் அதைத் தாராளமாகச் சொல்லலாம். அன்றே அட்டையைக் கழற்றி, இணையத்தில் போட்ட விளம்பரத்தையும் நீக்கிவிட வேண்டும்.

டோக்கன் ஏற்கெனவே வாங்கியிருந்தால் முழுத் தொகையையும் அன்றே, எந்த எண்ணிலிருந்து வந்ததோ அதே எண்ணுக்கு அனுப்பிவிட்டு, அந்த விவரத்தை ஒரு வரியாகச் செய்தியில் சேருங்கள். அவர் அனுப்பிய ஆதார் படத்தை அழித்துவிடுங்கள்.

ஏன் என்று திருப்பிக் கேட்டால் ஒரே ஒரு பதில்: "யோசித்து எடுத்த முடிவு. மாற்ற இயலாது. தவறாக நினைக்க வேண்டாம்." அதற்குமேல் எழுதாதீர்கள்.

புரோக்கர் வழியாக வந்திருந்தாலும் இதே செய்திதான், நீங்களே அனுப்ப வேண்டும். புரோக்கரிடம் காரணம் சொல்லி விட்டால் அது அங்கே போய்ச் சேரும்போது கை கால் முளைத்திருக்கும். உங்கள் சார்பில் அவர் பேசியது உங்கள் தலையில்தான் விழும். 'நம்ம ஆளுங்களா?' என்று வருகிறவர்களிடம் கேட்கும் வழக்கம் சில புரோக்கர்களுக்கு உண்டு. கேட்கக் கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

ஆவணியில் அந்த மாடிக்கு மூன்று குடும்பங்கள் வந்தன. நோட்டில் எழுதியபடி எல்லாம் பொருந்தி முதலில் வந்த குடும்பத்துக்கே அம்மா கொடுத்தார். ஒப்பந்தம் எழுத வந்தபோது கைப்பேசியைக் காட்டினார். மற்ற இருவரில் ஒருவர் "சரிங்க அம்மா, நன்றி" என்று அனுப்பியிருந்தார். இன்னொருவர் ஏன் என்று கேட்டிருந்தார்; இரண்டாவது பதில் போயிருந்தது. அதற்குக் கீழே ஒரு கேள்விக்குறி மட்டும் வந்திருந்தது. "இதற்கு என்ன எழுதட்டும்?" என்றார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தேன்.