20 வாட் என்று போட்டிருந்தால் வெளிச்சம் எவ்வளவு?

"20 வாட் எல்.ஈ.டி டியூப் இரண்டு வாங்கினேன். ஒன்று பளீர் வெள்ளை, மற்றது இளமஞ்சள். வெள்ளைதான் கூடுதல் வெளிச்சமாகத் தெரிகிறது. மஞ்சளில் ஏமாற்றிவிட்டார்களா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இதில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. நிறத்தால் வரும் வித்தியாசத்தில் ஏமாற்று எதுவும் இல்லை, அது இயற்பியல். ஆனால் அந்த 20 வாட் என்ற எண் இருக்கிறதே, அது இரண்டு டியூப்களிலுமே பொய்யாக இருக்கலாம். அதை வீட்டிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. முதலில் நிறத்தைப் பார்த்துவிடுவோம்.

வாட் என்பது விளக்கு எவ்வளவு வேகமாக மின்சாரத்தைத் தின்கிறது என்பதன் அளவு. லூமென் என்பது அது வெளியே தரும் ஒளியின் அளவு. பழைய 60 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 700 லூமென் தந்தது. மீதியெல்லாம் வெப்பமாகப் போனது. குண்டு பல்பு காலத்தில் எல்லாப் பல்பும் ஒரே மாதிரி வேலை செய்ததால், வாட்டைச் சொன்னாலே வெளிச்சத்தைச் சொன்ன மாதிரி இருந்தது. எல்.ஈ.டி வந்த பிறகு அந்தத் தொடர்பு அறுந்துபோனது. ஆனாலும் கடையில் நம் கை இன்னும் வாட் எண்ணைத்தான் தேடுகிறது.

லூமென் வெறும் ஆற்றல் கணக்கு இல்லை, அதற்குள் நம் கண்ணும் இருக்கிறது. மனிதக் கண் எந்த நிறத்தை எவ்வளவு பிரகாசமாகப் பார்க்கிறது என்று பலரை வைத்துச் சோதித்து, 1924இல் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் ஒரு வளைகோட்டை ஏற்றுக்கொண்டது. அந்த வளைகோட்டின் உச்சி 555 நானோமீட்டரில், பச்சையும் மஞ்சளும் சேரும் இடத்தில் இருக்கிறது. அந்த நிறத்தில் ஒரு வாட் ஒளி வந்தால் அது 683 லூமென். அதே ஒரு வாட் ஒளி 450 நானோமீட்டர் நீலத்தில் வந்தால் வெறும் 26 லூமென்தான். ஆற்றல் ஒன்றேதான், ஆனால் கண் ஒன்றை வாரி எடுத்துக்கொள்கிறது, மற்றதை ஏறக்குறைய ஒதுக்கிவிடுகிறது. ஆழ்ந்த சிவப்புக்கும் இதே கதிதான்.

வெள்ளை எல்.ஈ.டியின் அழகு இங்கேதான் இருக்கிறது. டியூபுக்குள் வரிசையாக இருக்கும் சின்னச் சதுரங்களில் வெள்ளை ஒளி தரும் பொருள் எதுவும் கிடையாது. ஒவ்வொன்றின் அடியிலும் இருப்பது இண்டியம் காலியம் நைட்ரைடு சில்லு. அது தருவது அந்த 450 நானோமீட்டர் நீலம், அதாவது கண்ணுக்கு மிகக் குறைவாகத் தெரியும் ஒளி. அதன் மேல் மஞ்சள் பூச்சு ஒன்று இருக்கும். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் நன்றாகவே தெரியும். இட்ரியம் அலுமினியம் கார்னெட் என்ற படிகத்தில் துளி சீரியம் கலந்த பாஸ்பர் அது. நீல ஒளித்துகள் ஒன்று உள்ளே போய்ச் சீரிய அணுவில் மோதும். அணு அதை விழுங்கி, ஆற்றலில் கொஞ்சத்தைப் படிகத்தின் அதிர்வாக, அதாவது வெப்பமாக விட்டுவிட்டு, மீதியை மஞ்சள் ஒளித்துகளாகத் துப்பும். நீல ஒளித்துகளின் ஆற்றல் 2.76 எலக்ட்ரான் வோல்ட், 560 நானோமீட்டர் மஞ்சளுக்கு 2.21. ஆக ஒவ்வொரு மாற்றத்திலும் ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது.

வீணாக்கிய பிறகு வெளிச்சம் குறையத்தானே வேண்டும்? குறையவில்லை. நீலத்தில் 26 லூமென் மதிப்பே இருந்த ஆற்றல், கண்ணின் உச்சிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கப்பட்டதால் பத்து மடங்குக்கும் மேல் லூமென் ஆகிவிடுகிறது. ஆற்றலை இழந்து வெளிச்சத்தைச் சம்பாதிக்கும் இந்த வித்தையை எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு மனம் நிறைகிறது. சில்லிலிருந்து மாறாமல் தப்பி வரும் கொஞ்சம் நீலமும், பூச்சிலிருந்து வரும் மஞ்சளும் சேர்ந்து கண்ணில் வெள்ளையாகின்றன.

இதற்கு அடித்தளமான காலியம் நைட்ரைடை ஒரு காலத்தில் பெரும்பாலான ஆய்வகங்கள் கைவிட்டிருந்தன. நல்ல படிகம் வளரவில்லை, மின்சாரம் வேண்டியபடி ஓடுவதற்காக அதில் கலக்க வேண்டிய துளி வேற்றுப் பொருளும் சரியாகப் பிடிக்கவில்லை. நகோயாவில் இசாமு அகாசாகியும் ஹிரோஷி அமானோவும் விடாமல் உட்கார்ந்து 1986இல் நல்ல படிகத்தை வளர்த்தார்கள், 1989இல் அந்தப் பொருளைக் கலப்பதிலும் வெற்றி கண்டார்கள். ஷுஜி நகமுரா 1990களின் தொடக்கத்தில் பிரகாசமான நீல எல்.ஈ.டியைத் தயாரித்துக் காட்டினார். மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. மூன்றே ஆண்டில் பலன் காட்டு என்று கேட்கும் நிதித் திட்டம் எதுவும் இந்த விளக்கைத் தந்திருக்காது. ஆய்வுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் இந்த ஒரு படிகத்தின் வரலாற்றையாவது படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது வாசகரின் மஞ்சள் டியூபுக்கு வருவோம். உறையில் 6500K, 4000K, 3000K என்று இருப்பது நிற வெப்பநிலை. ஒரு பொருளை அத்தனை கெல்வினுக்குச் சூடாக்கினால் என்ன நிறத்தில் ஒளிருமோ, ஏறக்குறைய அந்த நிறம் என்று அர்த்தம். டியூபின் சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எண் கூடினால் நீலம் கூடும், குறைந்தால் செம்மஞ்சள் கூடும். 3000K வேண்டுமென்றால் தயாரிப்பாளர் பூச்சைக் கூட்டி, அதோடு சிவப்பு தரும் இன்னொரு பாஸ்பரையும் சேர்க்கிறார். சிவப்பு ஒளித்துகளின் ஆற்றல் மஞ்சளைவிடக் குறைவு என்பதால் வெப்பமாகப் போகும் பங்கு கூடுகிறது. போதாததற்குச் சிவப்பு கண்ணின் உச்சியிலிருந்து தள்ளி வேறு இருக்கிறது. இரண்டு பக்கமும் அடி. அதனால் ஒரே சில்லு, ஒரே வாட் என்றாலும் இளமஞ்சள் டியூபில் லூமென் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். பொதுவாக 5 முதல் 10 சதவீதம் வரை வித்தியாசம் இருக்கும்.

கண்ணுக்கு அதைவிடப் பெரிய வித்தியாசமாகத் தெரியும். அதற்கும் காரணம் உண்டு. 1924இன் வளைகோடு கண்ணின் மையப் பார்வையை வைத்து வரையப்பட்டது. விழித்திரையில் நீலம் சார்ந்த ஒளிக்குக் கூர்மையாக எதிர்வினை காட்டும் வேறு செல்களும் இருக்கின்றன. அவற்றின் வேலை லூமென் கணக்கில் வராது. ஆகவே 6500K வெள்ளை, மீட்டர் காட்டுவதைவிடப் பளீரென்று படும். அதற்காக மஞ்சளில் ஏமாற்று என்று சொல்ல முடியாது. படுக்கையறைக்கு நான் எப்போதும் 3000Kதான் சொல்வேன். இரவில் அத்தனை நீலம் தேவையில்லை.

சரி, வாட். இதைச் சோதிக்க வீட்டின் மின்மீட்டரே போதும். மின்னணு மீட்டரின் முகத்தில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு மின்னும். பக்கத்தில் 3200 imp/kWh என்பது போல ஓர் எண் இருக்கும். ஒரு யூனிட் மின்சாரம் ஓடினால் 3200 முறை மின்னும் என்று அர்த்தம். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். அதை 3200ஆல் வகுத்தால் ஒரு மின்னலுக்கு 1125 ஜூல். உங்கள் மீட்டரில் 1600 என்றோ 1000 என்றோ இருந்தால் அந்த எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். தொலைக்காட்சியின் காத்திருப்பு விளக்கு, வைஃபை பெட்டி, சார்ஜர் எல்லாவற்றையும் பிளக்கோடு எடுத்துவிடுங்கள். மின்னல் முற்றிலும் நிற்கிறதா என்று சில நிமிடம் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் சோதிக்க வேண்டிய டியூபை மட்டும் போட்டு, சூடேறக் கால் மணி நேரம் விடுங்கள். எல்.ஈ.டி சூடானதும் அது இழுக்கும் வாட்டும் தரும் ஒளியும் சற்று மாறி நிலைக்கும். இப்போது ஒரு மின்னலில் கடிகாரத்தை ஓட விட்டு, அடுத்த பத்தாவது மின்னலில் நிறுத்துங்கள்.

பத்து மின்னலுக்கு 11,250 ஜூல். டியூப் நிஜமாகவே 20 வாட் என்றால் 562 விநாடி, அதாவது 9 நிமிடம் 22 விநாடி ஆக வேண்டும். உங்களுக்கு 12 நிமிடம் 30 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 11,250ஐ 750ஆல் வகுத்தால் 15. உங்கள் 20 வாட் டியூப் இழுப்பது 15 வாட்தான்.

மின்கட்டணம் குறைவாக வருகிறதே, நல்லதுதானே என்று தோன்றும். இந்தப் பொய் பிழைத்துக்கிடப்பதே அதனால்தான். நஷ்டம் கட்டணத்தில் தெரியாது, வெளிச்சத்தில் இருக்கும். உறையில் 2000 லூமென் என்று இருந்தால், 15 வாட்டில் அது வர வாட்டுக்கு 133 லூமென் தர வேண்டும். நல்ல சில்லும், வீட்டு மின்சாரத்தைச் சில்லுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிரைவர் என்ற சுற்றும் நன்றாக இருந்தால் முடியும். ஆனால் வாட்டைக் கூட்டிப் போட்ட தயாரிப்பாளர் அப்படிப்பட்ட சில்லைப் போட்டிருப்பார் என்று நான் நம்பமாட்டேன். வாட்டுக்கு 100 என்று எடுத்தால் கைக்கு வருவது 1500 லூமென்.

எதிர்ப்பக்கத்துப் பொய்யும் உண்டு. எல்.ஈ.டி வரிசை தின்பதை மட்டும் கணக்கிட்டு 18 வாட் என்று போட்டுவிட்டு, டிரைவரில் வீணாகும் 2, 3 வாட்டை விட்டுவிடுவார்கள். மீட்டர் சோதனையில் அதுவும் மாட்டும், மின்னல் சீக்கிரம் வரும். கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரை அளந்து வோல்டால் பெருக்கி, "18 வாட் என்று சொல்லி 36 இழுக்கிறது" என்று சிலர் கொதிப்பார்கள். அது அவசரம். வோல்டையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் எண்ணில் எத்தனை பங்கு நிஜ வாட் என்று சொல்வது திறன் காரணி. மலிவான டிரைவர்களில் அது 0.5 அளவுக்குத் தாழ்ந்திருக்கும், அதனால் அந்தப் பெருக்கல் வாட்டைத் தராது. வீட்டு மீட்டரின் மின்னல் எண்ணுவது நிஜ வாட்டை. 3, 4 வாட் இரவு விளக்குக்கு மட்டும் இந்த முறையை நம்பாதீர்கள், அவ்வளவு சின்ன ஓட்டத்தில் மீட்டரின் துல்லியம் குறைந்துவிடும்.

லூமெனை வீட்டில் அளப்பது கடினம். ஒப்பிடலாம், அதுவும் ஒரே நிற வெப்பநிலை கொண்ட இரண்டு டியூப்களை மட்டும். இரவில் ஃபோனை மேசையில் ஒரே இடத்தில் வைத்து, ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தைக் காட்டும் லக்ஸ் செயலியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள். அது காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், இரண்டு எண்களின் விகிதத்தை நம்பலாம். ஒளிக்கோணமும் ஒன்றாக இருக்க வேண்டும், ஏனென்றால் கோணம் குறுகினால் மேசையில் லக்ஸ் கூடிவிடும், லூமென் கூடியிருக்காது.

பழைய டியூபைக் கழற்றி எல்.ஈ.டி போட்ட பலரும் குழம்புவது இந்தக் கோணத்தில்தான். நல்ல பாஸ்பர் கொண்ட 36 வாட் வாயு டியூப் 3000 லூமெனுக்கு மேலேயே தந்தது. சோக்கையும் சேர்த்தால் 45 வாட் இழுத்தது. 2000 லூமென் எல்.ஈ.டி அதற்கு எப்படி ஈடாகும்? வாயு டியூப் சுற்றிலும் ஒளி வீசியதால் பாதி கூரைக்கும் ஃபிட்டிங்கின் தகட்டுக்கும் போய், அதில் ஒரு பகுதிதான் திரும்பி வந்தது. எல்.ஈ.டி டியூப் தன் ஒளியைப் பெரும்பாலும் கீழேயே கொட்டுகிறது. ஆகவே மேசையில் வெளிச்சம் ஏறக்குறைய அதேதான், கூரை மட்டும் இருண்டு அறை சுருங்கின மாதிரி ஆகிவிடும். அது பிடிக்கவில்லை என்றால் வாட்டைக் கூட்டிப் பயனில்லை. உறையில் ஒளிக்கோணத்தைப் பாருங்கள். 120 டிகிரிக்குப் பதில் 200 டிகிரிக்கு மேல் வீசும் கண்ணாடி எல்.ஈ.டி டியூப்கள் இருக்கின்றன.